காசு கைமாறாத வியாபாரத்துக்கும் பில் உண்டு: பண்டமாற்றுக்கு ஜிஎஸ்டி போடும் முறை

மொபைல் கடை கவுண்டரில் அடிக்கடி நடக்கும் வாக்குவாதம் இது. புதுப் போனின் விலை, வரி சேர்க்காமல், 24,000 ரூபாய். பழைய போனைக் கொடுத்தால் 20,000 போதும் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். வாங்க வந்தவர் 20,000-க்கு 18 சதவீதம் என்றால் 3,600 என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு நிற்கிறார். பில்லில் வரி 4,320 என்று வருகிறது. "அண்ணே, நான் கொடுக்கிறது இருபதாயிரம்தானே, இருபத்து நாலுக்கு எதுக்கு வரி போடுறீங்க?" என்று கேட்கிறார். பில் போடுகிற பையன், "சிஸ்டம் அப்படித்தான் எடுக்குதுண்ணே" என்கிறான்.

பையன் விளக்கம் சொல்லவில்லை, ஆனால் பில் சரிதான். ஜிஎஸ்டி விதிகளில் 27-ஆம் விதி, இதே 20,000, 24,000 என்ற எண்களை வைத்தே இந்தப் போன் கதையை உதாரணமாகச் சொல்லிவிட்டு, மதிப்பு 24,000 என்று முடிக்கிறது. பழைய போனும் ஒரு வகைப் பணம்தான். அது 4,000 ரூபாய்க்கு ஈடாக உள்ளே வந்திருக்கிறது, அவ்வளவே.

மத்திய ஜிஎஸ்டி சட்டம், 2017-இன் 7-ஆம் பிரிவு, எதற்கெல்லாம் வரி என்று பட்டியலிடும்போது விற்பனைக்குப் பக்கத்திலேயே பண்டமாற்று, பரிமாற்றம் என்ற இரண்டையும் வைத்திருக்கிறது. ஆக, 'காசே வாங்கலையே' என்பது இங்கே பதிலாகாது. பார்க்க வேண்டியது இரண்டுதான். வியாபாரத்தின் பகுதியாகக் கொடுத்தீர்களா? பதிலுக்கு ஏதாவது வந்ததா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் வரி உண்டு. பழைய போனைக் கொடுத்த வாடிக்கையாளருக்கு ஏன் வரி வரவில்லை என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. அவர் போன் வியாபாரி இல்லை, தன் சொந்தப் போனைக் கொடுத்தார்.

தள்ளுபடியா, பரிமாற்றமா?

புதிதாகக் கடை போட்டவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். பில் போடும்போதே கொடுத்து, பில்லிலேயே காட்டுகிற தள்ளுபடியை மதிப்பிலிருந்து கழித்துவிடலாம் என்று 15-ஆம் பிரிவு சொல்கிறது. அதைப் பார்த்துவிட்டு, 'எக்ஸ்சேஞ்ச் டிஸ்கவுண்ட் 4,000' என்று பில்லில் ஒரு வரி போட்டு 20,000-க்கு மட்டும் வரி கட்டுகிறார்கள். பெயரை மாற்றினால் விஷயம் மாறாது. ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்: பழைய பொருளைக் கொடுக்காமல் வெறும் கையோடு வந்தவருக்கும் அந்தக் குறைப்பு கிடைக்குமா? கிடைக்கும் என்றால் தள்ளுபடி. கிடைக்காது என்றால் அது பழைய பொருளின் விலை.

சரி, கடைக்குள் வந்த பழைய போன் என்ன ஆகிறது? அதைத் துடைத்து, சின்னச் சின்ன வேலை பார்த்து 5,000-க்கு விற்றால், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசமான 1,000-க்கு மட்டும் வரி கட்ட 32-ஆம் விதி இடம் தருகிறது. அந்தப் பழைய போனுக்கு உள்ளீட்டு வரி வரவு, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது, எடுத்திருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. பழைய போனை 4,000 என்று பில்லில் தனியாகக் காட்டி வைத்தவருக்கு இந்தக் கணக்கு தானாகவே வந்துவிடும். தள்ளுபடி என்று எழுதியவரிடம் வாங்கிய விலைக்குச் சான்றே இருக்காது.

இது கடைக்கும் வாடிக்கையாளருக்கும் இடையில். இரண்டு வியாபாரிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும்போதுதான் சமாச்சாரம் கொஞ்சம் நீளுகிறது, ஏனென்றால் அங்கே இரண்டு பேருமே விற்பவர்கள், இரண்டு பேருமே வாங்குபவர்கள். ஒரே ஊரில் இருக்கும் போட்டோ ஸ்டுடியோக்காரரையும் கம்ப்யூட்டர் கடைக்காரரையும் எடுத்துக்கொள்வோம். கடைக்காரர் ஆன்லைனிலும் விற்க ஆசைப்படுகிறார், அதற்கு 200 பொருள்களுக்குப் படம் வேண்டும். ஸ்டுடியோக்காரருக்கு எடிட்டிங் செய்ய ஒரு லேப்டாப் வேண்டும். "நீ படம் எடுத்துக் கொடு, நான் லேப்டாப் தர்றேன்" என்று டீக்கடையில் பேசி முடித்துவிட்டார்கள்.

முதல் படி: யார் யாருக்குப் பதிவு இருக்கிறது?

தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவர் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டும். சேவை செய்பவருக்கு அந்த எல்லை 20 லட்சம். இரண்டு பேரிடமும் பதிவு எண் இருந்தால் இரண்டு பேரும் வரி போட்டு பில் எழுதுவார்கள். பதிவு இல்லாதவர் சாதாரண பில்தான் கொடுக்க முடியும், வரி என்று எதுவும் வாங்கக் கூடாது.

இங்கே ஒரு குழி இருக்கிறது. அந்த 20 லட்சத்தில் பண்டமாற்றும் சேரும். வங்கிக் கணக்கில் வந்தது 19.7 லட்சம்தான், நமக்குப் பதிவு வேண்டாம் என்று நிம்மதியாக இருக்கும் ஸ்டுடியோக்காரர், லேப்டாப்புக்குப் பதிலாக 50,000 ரூபாய் வேலை செய்து கொடுத்திருந்தால் அவருடைய விற்றுமுதல் 20.2 லட்சம். எல்லையைத் தாண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் பதிவுக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். பேங்க் ஸ்டேட்மென்ட்டை மட்டும் பார்த்து விற்றுமுதல் சொல்கிறவர்கள் இதில் மாட்டுவார்கள்.

நம் கதையில் இரண்டு பேருக்கும் பதிவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாம் படி: மதிப்பு போடுவது

இருவரும் பேசிக்கொண்டபோது எண் எதுவும் சொல்லவில்லை. சட்டத்துக்கு எண் வேண்டும். 27-ஆம் விதி ஒரு வரிசை வைத்திருக்கிறது. முதலில் திறந்த சந்தை மதிப்பு: உறவோ வேறு ஏற்பாடோ இல்லாத ஒருவர், அதே நேரத்தில், முழுக்கப் பணமாகவே கொடுத்து வாங்கினால் என்ன விலை? அது தெரியும் என்றால் அங்கேயே நின்றுவிட வேண்டும், கீழே இறங்கக் கூடாது. தெரியாவிட்டால் கைக்கு வந்த பணத்தோடு வந்த பொருளின் பண மதிப்பைக் கூட்டிக்கொள்வது. இதற்கும் விதியே ஓர் உதாரணம் தருகிறது: ஒரு லேப்டாப் 40,000 ரூபாய்க்கும், வாங்குபவர் தயாரித்த ஒரு பிரிண்டருக்கும் கைமாறுகிறது. பிரிண்டரின் மதிப்பு 4,000 என்று தெரியும், லேப்டாப்பின் சந்தை விலை தெரியாது. மதிப்பு 44,000. அதுவும் முடியாதபோது அதே வகையான, அதே தரமான பொருளின் விலை. எதுவுமே கிடைக்காவிட்டால் அடக்க விலையில் 110 சதவீதம் என்று போகும். டீக்கடைப் பண்டமாற்றுகள் பெரும்பாலும் முதல் படியிலேயே முடிந்துவிடும், ஏனென்றால் இருவரும் அதே பொருளைத் தினமும் காசுக்கு விற்கிறவர்கள்தான்.

கவனிக்க வேண்டியது ஒன்று. திறந்த சந்தை மதிப்பு என்பது வரி சேர்க்காத தொகை. கடையில் லேப்டாப்பின் மேல் ஒட்டியிருக்கும் 70,800 வரி உட்பட்ட விலை. அதை 118-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 60,000 வரும். அதுதான் மதிப்பு, மீதி 10,800 வரி. 70,800-க்கு மேலே மறுபடி 18 சதவீதம் போட்ட பில்லையும் நான் பார்த்திருக்கிறேன். அரசாங்கம் கேட்காத வரியைக் கொண்டுபோய்க் கொடுத்த கதை அது.

ஸ்டுடியோ பக்கம்: போன மாதம் வேறொரு கடைக்கு இதே மாதிரிப் படங்களை ஒன்றுக்கு 250 ரூபாய் என்று பில் போட்டிருக்கிறார். அந்த பில்தான் சான்று. 200 படம், 50,000 ரூபாய். வரி 9,000. மொத்தம் 59,000.

'நண்பருக்காகக் குறைத்து 30,000 என்று போட்டுக்கொள்கிறேன்' என்று கேட்பவர்கள் உண்டு. காசுக்கு விற்கும்போது உண்மையாகவே குறைத்து விற்றால் அது உங்கள் விருப்பம், அந்தக் குறைந்த விலைக்கே வரி. பண்டமாற்றில் அப்படிச் செய்ய முடியாது. பதிலுக்கு லேப்டாப் வருகிறதே, என்ன குறைத்தீர்கள் என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் இங்கே நீங்கள் ஒப்புக்கொண்ட விலையை விட்டுவிட்டு சந்தை விலையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

மூன்றாம் படி: இரண்டு பில்

ஒரு பில் போதாது. வித்தியாசத்துக்கு மட்டும் பில் போடுவது அதைவிடத் தவறு. கடைக்காரர் லேப்டாப்புக்கு 60,000, மத்திய வரி 5,400, மாநில வரி 5,400, ஆக 70,800 என்று ஸ்டுடியோவின் பெயரிலும் எண்ணிலும் பில் போடுகிறார். ஸ்டுடியோ படங்களுக்கு 50,000, இரண்டு வரியும் தலா 4,500, ஆக 59,000 என்று கடைக்கு பில் போடுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் 11,800 வித்தியாசம். அதை ஸ்டுடியோக்காரர் ஜிபேயில் அனுப்பிவிடுகிறார்.

இனி வரி யாருக்கு எவ்வளவு? ஸ்டுடியோ கட்ட வேண்டியது 9,000. லேப்டாப் தொழிலுக்குத்தான் வாங்கியது, அதனால் அதில் இருக்கும் 10,800-ஐ உள்ளீட்டு வரி வரவாக, கடைவீதியில் சொல்கிற மாதிரி 'இன்புட்'டாக, எடுத்துக்கொள்கிறது. 9,000 கழிந்து 1,800 மிச்சம் நிற்கிறது. கடை கட்ட வேண்டியது 10,800, படத்துக்கான இன்புட் 9,000, ஆக 1,800 கட்ட வேண்டும். அந்த 1,800 எங்கிருந்து வந்தது? ஸ்டுடியோக்காரர் அனுப்பிய 11,800-க்குள்ளேயே இருக்கிறது. லேப்டாப்பைக் கடை வாங்கும்போது கட்டிய வரி வேறு இன்புட்டாக இருக்கும், அதைத் தனியாகப் பார்த்துக்கொள்வார்.

ஆக இரண்டு பேரும் பதிவு பெற்று, இரண்டு பொருளும் தொழிலுக்கே போனால், பண்டமாற்று வரி யார் பையையும் கடிப்பதில்லை. பயந்து ஒளிக்கிறவர்கள் பாதிப்பேர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததே கிடையாது.

ஒளித்தால்தான் கடிக்கும். லேப்டாப்பை 'இலவசமாகக் கொடுத்தோம்' என்று கடை எழுதி வைத்தால், அன்பளிப்பாகக் கொடுத்த பொருளுக்கு இன்புட் கிடையாது என்ற 17(5) பிரிவு வந்து நிற்கும். அந்த லேப்டாப்பை வாங்கியபோது எடுத்த வரியைத் திருப்ப வேண்டியிருக்கும்.

நான்காம் படி: புத்தகத்தில் ஏற்றுவது

அவரவர் போட்ட பில், விற்பனையைப் பட்டியலிடும் ரிட்டர்னான GSTR-1-இல் அவரவர் விற்பனையாக ஏற வேண்டும். வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ரிட்டர்னான GSTR-3B-இல் விற்பனை ஒரு பக்கம், இன்புட் ஒரு பக்கம். கழித்த தொகையை மட்டும் காட்டக் கூடாது. லேப்டாப் மார்ச்சில் வந்து படம் ஏப்ரலில் எடுத்தால் இரண்டு நிதியாண்டுகளில் கால் வைத்த மாதிரி ஆகிவிடும், முடிந்தவரை இரண்டு பில்லையும் ஒரே மாதத்துக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

அடுத்து 180 நாள் கணக்கு. பில் போட்ட 180 நாளுக்குள் விற்றவருக்குப் பணம் போய்ச் சேராவிட்டால் எடுத்த இன்புட்டைத் திருப்ப வேண்டும் என்று 16-ஆம் பிரிவு சொல்கிறது. பண்டமாற்றில் பணமே போகாதே? ஒருவர் கணக்கை மற்றவர் கணக்கோடு நேர் செய்வதும் செலுத்தியதாகவே ஆகும். மேற்கு வங்க முன்தீர்ப்பு ஆணையம் 2019-இல் இப்படித்தான் சொன்னது, ஆனால் அத்தகைய தீர்ப்பு கேட்டவரை மட்டுமே கட்டுப்படுத்தும். அதனால் நேர் செய்ததற்குக் காகிதம் இருக்கட்டும். நான் எழுதி வாங்கச் சொல்வது நாலே வரிதான்:

'எங்கள் பில் எண் இன்னது, தேதி இன்னது, ரூ. 59,000. உங்கள் பில் எண் இன்னது, தேதி இன்னது, ரூ. 70,800. இரண்டையும் நேர் செய்து மீதி ரூ. 11,800 இன்ன தேதியில் வங்கி வழியாகச் செலுத்தப்பட்டது. இரு தரப்பும் சம்மதம்.'

இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, அதே தேதியில் டாலியில் ஒரு ஜர்னல் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. வாங்கிய பக்கத்து இன்புட்டை எடுக்க மறந்துவிடாதீர்கள். நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள், அல்லது அதற்கு முன்பே ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்தால் அந்தத் தேதிக்குள், எடுக்காவிட்டால் அது போனதுதான்.

எப்போது வலிக்கும்?

அதே ஸ்டுடியோக்காரர் லேப்டாப்புக்குப் பதிலாக வீட்டு ஹாலுக்கு ஒரு டிவி கேட்டார் என்று வையுங்கள். அதுவும் 50,000, வரியோடு 59,000. காசு கொஞ்சம்கூடக் கைமாறவில்லை. டிவி சொந்த உபயோகம், அதற்கு இன்புட் கிடையாது. படத்துக்கான 9,000-ஐக் கட்டியே ஆக வேண்டும், வேறு இன்புட் இல்லாவிட்டால் பையிலிருந்து எடுத்து ரொக்கமாக. கையில் டிவி இருக்கிறது, பணம் இல்லை, வரி கட்டக் கடைசி நாளான அடுத்த மாதம் 20-ஆம் தேதி வருகிறது. பண்டமாற்றின் உண்மையான சங்கடம் இதுதான். இப்படிப்பட்ட பொருளை மாற்றிக்கொள்ளும் முன்பே, வரித் தொகையை மட்டும் காசாகக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் 9,000 தந்தால், ஸ்டுடியோவும் டிவிக்கான 9,000-ஐத் தர வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துத்தான்.

சிறு வியாபாரிகள் விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் ஒருவர் இருந்தாலும் இதே கதை. அவர் வரி வாங்கவும் முடியாது, இன்புட் எடுக்கவும் முடியாது. எதிரில் இருப்பவர் கொடுத்த 59,000-க்கு அவர் 50,000 மதிப்புள்ளதைத்தான் தருகிறார், பாக்கியைக் கேட்கத் தயங்கக் கூடாது.

வருமான வரிக்காரர் பார்வை வேறு. ஜிஎஸ்டி பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஸ்டுடியோவுக்கு அந்த 50,000 தொழில் வரவு. லேப்டாப் 60,000-க்கு வாங்கிய சொத்து, அதற்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம். டிவி வீட்டுக்குப் போனதால் அதற்கு எதுவும் கழிக்க முடியாது, வரவு மட்டும் நிற்கும். ரீல்ஸ் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. 2022 ஜூலை 1 முதல், தொழில் சம்பந்தமாக ஒருவருக்கு ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் பொருளாகப் பலன் கொடுத்தால் கொடுப்பவர் 10 சதவீதம் டிடிஎஸ் பார்க்க வேண்டும். 25,000 ரூபாய்ப் போனை விளம்பரத்துக்கு வாங்கி, படம் பிடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் ஒன்றுமில்லை. வைத்துக்கொண்டால் 2,500 வரி கட்டிய பிறகே போன் உங்கள் கைக்கு வர வேண்டும். முந்தைய ஆண்டு விற்றுமுதல் ஒரு கோடியைத் தாண்டாத தனிநபர் கடைக்காரருக்கு இந்த டிடிஎஸ் வேலை இல்லை, ஆனால் வாங்கியவரின் வருமானத்தில் அது சேராமல் போவதும் இல்லை.

கடைசியாக, நானே மாட்டிய கதை. தொழில் தொடங்கிய புதிதில் ஒரு பர்னிச்சர் கடைக்கு ரிட்டர்ன் போட்டுக் கொடுத்த வகையில் 15,000 ரூபாய் பாக்கி இருந்தது. "சார், காசுக்குப் பதிலா ஒரு மேஜையும் நாற்காலியும் எடுத்துக்கோங்களேன்" என்றார். எடுத்துக்கொண்டேன். நானும் பில் போடவில்லை, அவரும் போடவில்லை. ஊருக்கெல்லாம் பில் போடச் சொல்கிறவன் நான். பதினான்கு மாதம் கழித்து அவர்கள் ஸ்டாக் எண்ணியபோது ஒரு மேஜை குறைந்தது, கடைப் பையன்மேல் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். விஷயம் என் காதுக்கு வந்ததும் ஓடிப்போய் இரண்டு பக்கமும் பில் போட்டோம். என் வரி 2,700. ஆண்டுக்கு 18 சதவீத வட்டி, பதினான்கு மாதத்துக்கு 567. நோட்டீஸ் வரும் முன்னே நானாகக் கட்டியதால் அபராதம் இல்லை. இப்போதைய 74A பிரிவின்படி, ஏமாற்றும் எண்ணம் இல்லாதவருக்கு நோட்டீஸ் வந்த பிறகும் 60 நாள் அவகாசம் உண்டு, அதற்குள் வட்டியோடு கட்டினால் அபராதம் கிடையாது. அதைத் தாண்டினால் வரியில் 10 சதவீதம் அல்லது 10,000 ரூபாய், எது அதிகமோ அது. 2,700 ரூபாய் வரிக்குப் பத்தாயிரம் கட்டியிருப்பேன். மேஜை இன்னும் என் ஆபீஸில்தான் இருக்கிறது, அந்த இரண்டு பில்லின் நகலும் அதன் டிராயரில் கிடக்கின்றன.